சுண்ணாம்புச் சத்து மாத்திரையைச் சோற்றோடு சாப்பிடச் சொல்வது ஏன்?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் மருந்துப் பையில் தவறாமல் இருக்கும் ஒரு மாத்திரை கால்சியம் கார்பனேட். தோட்டத்துப் பெரியவர்கள் இதைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை என்பார்கள். எலும்புக்குப் பலம் தருவதற்காகக் கொடுக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதால், எப்போது சாப்பிட்டாலும் ஒன்றுதான் என்று காலையிலோ படுக்கும்போதோ மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். உண்மையில் சிறுநீரக நோயாளிக்கு இந்த மாத்திரை தரப்படும் முக்கியக் காரணம் வேறு. அது சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட்டை வயிற்றுக்குள்ளேயே பிடித்து மலத்தோடு வெளியேற்ற வேண்டும். நேரம் தவறினால் அந்த வேலை நடக்காது. அதோடு நிற்காமல், வேறொரு கெடுதலும் சேர்ந்துகொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் அம்மாவின் கதையைப் பார்க்கலாம். அவர் தனி ஒருவர் அல்லர். டயாலிசிஸ் மையங்களில் அடிக்கடி காணும் நிலைமைகளை ஒன்றாகச் சேர்த்து எழுதிய எடுத்துக்காட்டு இது. வயது 56. முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு மகனோடு பட்டணத்துத் தாமானில் இருக்கிறார். இனிப்பு நீர் வியாதியால் சிறுநீரகம் செயலிழந்து, நான்கு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்து வருகிறார். முதுகிலும் கைகளிலும் ஓயாத அரிப்பு. அதைத் தோல் வியாதி என்று நினைத்து இரண்டு கிளினிக்குகளில் களிம்பு வாங்கிப் பூசியும் பார்த்துவிட்டார். குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தொடையில் பலமில்லை. குதிகால் வலி வேறு.

அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் PO4 என்ற வரியில் 2.4 என்று இருந்தது. அதுதான் பாஸ்பேட். நலமாக உள்ளவர்களுக்கு இது ஏறத்தாழ 0.8 முதல் 1.45 வரை இருக்கும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு 1.8-க்குக் கீழே வைத்திருந்தால் பரவாயில்லை என்பது பொதுவான கணக்கு. Ca என்ற கால்சியம் 2.55, அதாவது இயல்பின் மேல் எல்லைக்குப் பக்கத்தில். iPTH என்ற வரியில் 92. இந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் முகம் சுளித்தார்.

மிஸ்ஸி அவருடைய மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்த கால்சியம் கார்பனேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

“அம்மா, இத எப்ப சாப்பிடுறீங்க?”

“ராத்திரி படுக்கப் போறப்ப எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிடுவேன் மிஸ்ஸி. பகல்ல ஞாபகம் இருக்கறதில்ல.”

“சாப்பாடு எத்தன மணிக்கு?”

“ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்.”

ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு மாத்திரை. அரிப்புக்கும் தொடை பலவீனத்துக்கும் அந்த மூன்று மணி நேர இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

பாஸ்பரஸ் கெட்ட பொருள் அன்று. உடலிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி எலும்பில்தான், கால்சியத்தோடு கலந்து இருக்கிறது. மீன், இறைச்சி, முட்டை, பால், பருப்பு என்று புரதம் உள்ள எல்லாவற்றிலும் அது உண்டு. தேவைக்கு மேல் வருவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதாகும்போது அந்த வழி அடைபடுகிறது. ஆரம்பத்தில் எலும்பே ஒரு ஹார்மோனை அனுப்பி, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை இன்னும் கொஞ்சம் வேலை செய்யச் சொல்லிச் சமாளிக்கும். ஆகவே பல ஆண்டுகளுக்கு ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் சரியாகவே காட்டும். உள்ளே கணக்கு ஏற்கெனவே தவறத் தொடங்கியிருக்கும்.

இன்னொரு பக்கம் வைட்டமின் டி. அந்த அம்மாவிடம் வைட்டமின் டி குறைவு என்று சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். முப்பது வருஷம் வெயிலில் நின்றவளுக்கு வைட்டமின் டி இல்லையா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் வெயில் தோலில் உண்டாக்குவது முழுமை பெறாத பொருள். அது முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் பெறும். பிறகு சிறுநீரகத்துக்குப் போய்க் கடைசி மாற்றம் பெறும். அதற்குப் பிறகுதான் அது வேலைக்கு ஆகும். சிறுநீரகம் கெட்டுவிட்டால் அந்தக் கடைசிப் பட்டறை மூடிக்கிடக்கிறது என்று பொருள். வெயிலில் எவ்வளவு நின்றாலும், கடையில் வாங்கும் சாதாரண வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டாலும், அந்த முடிந்த சரக்கு போதிய அளவு கிடைக்காது. அது இல்லாவிட்டால் குடல் உணவிலுள்ள கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் கால்சியம் இறங்கும்.

இங்கேதான் கழுத்திலுள்ள நான்கு சிறிய சுரப்பிகள் வருகின்றன. தைராய்டு சுரப்பியின் பின்பக்கம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசி அளவில் இருக்கும். பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று இரவும் பகலும் கண்காணிப்பதுதான் அவற்றின் வேலை. கால்சியம் குறைந்தால் உடனே ஒரு ஹார்மோனை அனுப்பும். பரிசோதனைத் தாளில் iPTH என்று வருவது அதுதான். அந்த ஹார்மோன் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்தில் கொண்டுவந்து சேர்க்கும். எலும்பு கரையும்போது கால்சியம் மட்டும் தனியாக வராது. கூடவே பாஸ்பேட்டும் வரும். நல்ல சிறுநீரகமாக இருந்தால் அதே ஹார்மோனின் உத்தரவுப்படி அந்தப் பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ஆகவே பாஸ்பேட் மேலும் ஏறுகிறது. ஏறிய பாஸ்பேட் சுரப்பியை மேலும் தூண்டுகிறது. சேமிப்புப் பணத்தை எடுத்து வட்டி கட்டுவதுபோல, எலும்பை எடுத்து ரத்தத்தின் கணக்கைச் சரிசெய்துகொண்டே போகிறது உடல்.

வருஷக்கணக்கில் இப்படி விரட்டப்படும் சுரப்பி பெருத்துவிடும். அரிசி அளவு கடலை அளவாகும், அதற்கு மேலும் வளரும். அந்த நிலைக்குப் போய்விட்டால் கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் சுரப்பி நிறுத்தாது. அதனால்தான் இந்த எண்ணைச் சீக்கிரமே கவனிக்க வேண்டும் என்கிறார்கள்.

எலும்பு வலி, தொடைத் தளர்ச்சி, சிறு அடிக்கே எலும்பு முறிவது ஆகியவை இதனால் வருபவை. அரிப்பும் கண் சிவப்பும் பாஸ்பேட் ஏறியவர்களிடம் அடிக்கடி காணப்படுகின்றன. டயாலிசிஸ் நோயாளியின் அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், அரிப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது இவற்றுக்கு அன்று. எலும்பில் இருக்க வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் ரத்தக் குழாயின் சுவரில் படிகின்றன. குழாய் கல்போல இறுகுகிறது. சிலருக்குக் கை எக்ஸ்ரே எடுத்தால் ரத்தக் குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். இது வலிக்காது, அரிக்காது. இதயத்தைத்தான் பாதிக்கும்.

வாரம் மூன்று முறை இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறதே, பாஸ்பேட் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். பாஸ்பேட்டில் பெரும்பகுதி ரத்தத்தில் இல்லை. செல்களுக்குள்ளும் எலும்பிலும் இருக்கிறது. இயந்திரத்தில் போட்ட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது வேகமாக இறங்கிவிடும். பிறகு உள்ளிருந்து மெதுவாகத்தான் கசிந்து வரும். டயாலிசிஸ் முடிந்து வீடு போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில் மறுபடியும் ஏறிவிடும்.

ஒரு வாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். அந்த அம்மா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள உணவைச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 மில்லிகிராம் உடலில் சேரும். வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று 800 மில்லிகிராம் அளவுக்கு எடுக்கும். மூன்று முறைக்கு 2400. மிச்சம் 1800 மில்லிகிராம் ஒவ்வொரு வாரமும் உடலிலேயே தங்குகிறது. இந்த 1800-ஐ எப்படிக் குறைப்பது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

மாத்திரையின் பங்கு இங்கே வருகிறது. 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 20 மில்லிகிராம் பாஸ்பரஸைப் பிடிக்கும். ஆறு மாத்திரைக்கு 120. வாரத்துக்கு 840. ஆனால் அது உணவைத்தான் பிடிக்கும். ரத்தத்திலிருந்து எதையும் இழுத்து வராது. மாத்திரையும் சோறும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மாத்திரை போகும்போது, ஏழு மணிக்குச் சாப்பிட்ட மீனின் பாஸ்பேட்டில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போய்விட்டது. பிடிப்பதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை. அப்போது அந்த மாத்திரையின் கால்சியம் என்ன ஆகும்? ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பிடிக்கப் பாஸ்பேட் கிடைக்காத அந்தக் கால்சியத்தில் கூடுதலான பங்கு உடலுக்குள் ஏறிவிடும். அந்த அம்மாவின் பாஸ்பேட் இறங்காமல் கால்சியம் மட்டும் மேல் எல்லைக்கு ஏறியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தக் குழாயில் படியத் தேவையான இரண்டு பொருள்களும் அவருக்குத் தாராளமாகக் கிடைத்தன.

ஆகவே மாத்திரையை முதல் கவளத்தோடோ சாப்பாட்டுக்கு நடுவிலோ நன்றாக மென்று சாப்பிட வேண்டும். மூன்று வேளைக்கும் சமமாகப் பிரிப்பதும் எப்போதும் சரியன்று. அந்த அம்மா காலையில் பசியாறுவது இரண்டு துண்டு ரொட்டிதான். மதியமும் இரவும்தான் மீனும் கோழியும். எனவே டாக்டரும் மிஸ்ஸியும் பிரித்துக் கொடுத்தது காலைக்கு ஒன்று, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். டயாலிசிஸ் மையத்திலேயே சாப்பிடுகிறவர்கள் அங்கேயும் ஒரு சிறு டப்பாவில் கொண்டுபோக வேண்டும். வீட்டில் மறக்காதவர்கள்கூட இங்கேதான் தவறவிடுகிறார்கள். ஒட்டுக்கடையில் சாப்பிடும்போதும் அப்படித்தான்.

இரும்புச் சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, சில வகை ஆண்டிபயாட்டிக் மாத்திரைகள் ஆகியவற்றையும் இது பிடித்துக்கொள்ளும். அவற்றைச் சில மணி நேரம் தள்ளித்தான் சாப்பிட வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஃபார்மசியில் கேட்டுக்கொள்வது நல்லது. மலச்சிக்கல் இந்த மாத்திரையின் பெரிய தொல்லை. தண்ணீரை அளந்து குடிக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு அது இரட்டைத் தொல்லை. பலர் வெளியே சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம். சொன்னால் அதற்கு மருந்து தருவார்கள்.

வாரக் கணக்குக்குத் திரும்பினால், 1800-இல் மாத்திரை 840-ஐப் பார்த்துக்கொள்ளும். மீதியை மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய்ச் சரிசெய்ய முடியாது. ஆறு மாத்திரையிலேயே ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் போவது குழாய்களுக்கு நல்லதன்று. மிச்சத்தைச் சாப்பாட்டில்தான் பார்க்க வேண்டும்.

இங்கே பலர் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். மீனையும் கோழியையும் முட்டையையும் நிறுத்தி, ரசம் சோற்றோடு நாளைக் கழிக்கிறார்கள். டயாலிசிஸ் செய்கிறவருக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சதை கரைந்து உடம்பு ஒடுங்கிவிடும். பருப்பிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் தாவர உணவில் உள்ளது பெரும்பாலும் பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். அதில் பாதிகூட உடலில் சேராமல் போகலாம். மீனிலும் கோழியிலும் உள்ளது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ஆலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு மட்டும் 90 விழுக்காட்டுக்கு மேல் நேராக ரத்தத்துக்குப் போய்விடும். உறைந்த நகெட், சாசேஜ், மீன் உருண்டை, கறுப்புக் கோலா பானம், பதப்படுத்திய சீஸ், பாக்கெட்டில் வரும் த்ரீ-இன்-ஒன் காப்பி ஆகியவற்றில் இது இருக்கக்கூடும். பாக்கெட்டின் சத்துப் பட்டியலில் பெரும்பாலும் பாஸ்பரஸ் அளவு போட்டிருக்காது. சேர்க்கைப் பொருள்களின் வரிசையில் E338 முதல் E341 வரை, அல்லது E450, E451, E452 என்ற எண்களோ ‘பாஸ்பேட்’ என்ற சொல்லோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் மூன்று விஷயங்கள் அகப்பட்டன. ஒரு நாளைக்கு மூன்று த்ரீ-இன்-ஒன் காப்பி. பேரப்பிள்ளைக்குப் பொரிக்கும் நகெட்டில் தனக்கும் நான்கு. பிறகு நெத்திலி சம்பல். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிறோம். முள் என்பது எலும்பு, எலும்பில் இருப்பது பாஸ்பேட். அதிலுள்ள உப்பு வேறு தாகத்தைக் கூட்டும். காப்பியைச் சாதாரணக் காப்பித் தூளில் கொஞ்சம் பால் ஊற்றி ஒரு வேளையாகக் குறைத்தார். நகெட்டுக்குப் பதில் பச்சைக் கோழி, நெத்திலிக்குப் பதில் சாதாரண மீன். புரதம் குறையவில்லை. உடலில் சேரும் பாஸ்பரஸ் நாளுக்கு 150 மில்லிகிராம் குறைந்தது என்று வைத்தால் வாரத்துக்கு 1050. மாத்திரையின் 840-ஐயும் சேர்த்தால் 1890. வாரம் மிஞ்சிய 1800 அடைபட்டுவிட்டது. உடல் இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் பார்ப்பதில்லை என்றாலும், வழி இதுதான். டயாலிசிஸை அரை மணி நேரம் முன்னதாக முடிக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் அவர் வழக்கம். அதையும் விட்டார்.

மூன்று மாதத்தில் பாஸ்பேட் 1.7-க்கு இறங்கியது. கால்சியம் 2.4. அரிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் iPTH 86-இல்தான் நின்றது. பெருத்த சுரப்பி அத்தனை சீக்கிரம் அடங்காது.

இப்போதுதான் டாக்டர் கால்சிட்ரியால் ஆரம்பித்தார். சிறுநீரகம் செய்து தர வேண்டிய அந்த முடிந்த வைட்டமின் டி இதுதான். 0.25 மைக்ரோகிராம் குளிகை, வாரம் மூன்று முறை. இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று மகன் கேட்டார். கால்சிட்ரியால் சுரப்பியை அடக்கும், அதே நேரம் குடலைத் திறந்துவிட்டுக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கூடுதலாக உள்ளே விடும். பாஸ்பேட் 2.4, கால்சியம் 2.55 என்று இருக்கும்போது அதைக் கொடுப்பது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. முதலில் பாஸ்பேட், பிறகு வைட்டமின் டி என்ற வரிசைக்குக் காரணம் அதுதான். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அந்தக் குளிகை கொடுத்திருக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்ற மனக்குறைக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

டயாலிசிஸ் செய்பவருக்கு iPTH எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு, பரிசோதனைக்கூடம் போடும் இயல்பு அளவின் மேல் எல்லையைப்போல் இரண்டு முதல் ஒன்பது மடங்கு என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். மேல் எல்லை 7 என்றால் 14 முதல் 63 வரை. ஒரே ஒரு முடிவை வைத்து மருந்தை மாற்றுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு, மூன்று முடிவுகள் எந்தப் பக்கம் போகின்றன என்றுதான் பார்ப்பார்கள். பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

நலமாக உள்ளவரின் அளவுக்கே இறக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியன்று. அளவுக்கு மீறி அடக்கினால் எலும்பு பழையதை இடித்துப் புதியதைக் கட்டும் வேலையையே நிறுத்திவிடும். செத்த எலும்புபோல் கிடக்கும், எளிதில் முறியும். கொடுக்கும் கால்சியத்தை வாங்கி வைக்கவும் அந்த எலும்பால் முடியாது. அது குழாய்ச் சுவருக்குத்தான் போகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். iPTH மிகவும் இறங்கியவருக்குக் கால்சியம் மாத்திரையையும் கால்சிட்ரியாலையும் டாக்டர் குறைப்பது இதனால்தான்.

கால்சியம் ஏறிவிட்டவர்களுக்கும் குழாயில் படிவு உள்ளவர்களுக்கும் கால்சியம் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. செவெலமர் ஒன்று, லாந்தனம் இன்னொன்று. விலை கால்சியம் கார்பனேட்டைவிடப் பல மடங்கு. அதனால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இவற்றையும் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும், ஆனால் செவெலமரை மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும், லாந்தனத்தை நன்றாக மென்றே ஆக வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் உண்டு.

மருந்துக்கு அடங்காத சுரப்பிக்குச் சினாகால்செட் என்ற மாத்திரை உண்டு. ரத்தத்தில் கால்சியம் நிறைய இருப்பதாகச் சுரப்பியை நம்ப வைத்துவிடும். குமட்டல் வரும். கால்சியம் இறங்கிவிடுவதும் உண்டு. வாயைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது தெரிந்தால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் சொல்ல வேண்டும். அதற்கும் மசியாமல் iPTH 85, 90-க்கு மேலேயே மாதக்கணக்கில் நின்று, எலும்பு வலியும் கால்சியமும் கூடிக்கொண்டே போனால் அறுவை சிகிச்சை. சுரப்பிகளை எடுத்துவிட்டு, சிறு துண்டை முன்கையில் பதித்து வைப்பது ஒரு முறை. அறுவைக்குப் பிறகு பல நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்த்ததுபோல் எலும்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் சில நாள்கள் மருத்துவமனையிலேயே வைத்து, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக் கால்சியம் ஏற்றுவார்கள்.

அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. கால்சிட்ரியால் ஆரம்பித்து ஆறு மாதத்தில் iPTH 54. நடுவில் ஒரு தீபாவளி மாதம் பாஸ்பேட் 2.1-க்கு ஏறியது. முறுக்கு, பால்கோவா, விருந்தாளிகளோடு நாலு வேளைச் சாப்பாடு, மாத்திரையோ அறையில். இப்போது மாத்திரை டப்பா ஒன்று சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி இருந்த இடத்தில் இருக்கிறது. இன்னொன்று கைப்பையில். குந்தி உட்கார்ந்தால் ஒரு கையை ஊன்றி எழுந்துவிடுகிறார். குதிகால் வலி மட்டும் காலையில் கொஞ்ச நேரம் இருக்கிறது.